பண்டல் ரூமும் பஸ்ஸின் முன் சீட்டும்

அந்த மனிதரைக் கல்லூரி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார வைக்க வேண்டும். அந்த மாதங்களில் நான் சாமியிடம் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்டேன்.

பெயர் எதுவும் எழுத மாட்டேன். இந்த மாதிரிப் புகாரில் யார் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். என் கையால் அந்தப் பெயரை எழுதி அதற்கு ஒரு அழகு சேர்ப்பானேன்? எங்கள் துறைத் தலைவர் என்றால் போதும். நான் அவருக்குக் கீழே எலக்ட்ரிகல் பாடம் நடத்தியவள். புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் போகிற வழியில், நார்த்தாமலைக் குன்றுகள் ஜன்னலில் தெரிகிற ஒரு பொறியியல் கல்லூரி.

எங்கள் ஸ்டாஃப் பஸ்ஸில் எந்த சீட் யாருக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் மாறி உட்கார்ந்து பாருங்கள், தெரியும். படிக்கட்டை ஒட்டிய முதல் சீட் எங்கள் துறைத் தலைவருக்கு. அவர் ஏறுகிற நிறுத்தம் வரைக்கும் அதில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கிடக்கும். முந்தின நாள் சாயங்காலம் இறங்கும்போதே போட்டுவிட்டுப் போவார். அதற்குப் பின்னால் மற்ற துறைத் தலைவர்கள், அப்புறம் சர்வீஸ் பார்த்துச் சீனியர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடுகிற கடைசி வரிசையில். முதல் சீட்டிலிருந்து திரும்பி, "மேடம், இங்கிட்டு வந்து உக்காருங்க, லேப் சாமான் பத்திப் பேசணும்" என்று ஒருவரைக் கூப்பிட்டால் அது மரியாதை. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

எனக்கு அந்த மரியாதை கிடைத்தது. லேப் சாமான் பற்றிய பேச்சு கீரனூர் ரோட்டில் பாதி தூரம்கூட வராது. மிச்ச தூரத்துக்கு அவருடைய முழங்கை பேசும். நான் நகர்ந்து நகர்ந்து சீட் விளிம்பில் ஒற்றைத் தொடையில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார் என்பது அவருக்கு என்னவோ ஒரு விடுமுறை அறிவிப்பு மாதிரி. ராத்திரி வாட்ஸ்அப்பில் 'சாப்பிட்டாச்சா' என்று ஆரம்பித்து, இங்கே எழுத நான் கூசுகிற இடத்தில் போய் நிற்கும்.

ஒருநாள் பாடத்திட்டம் பார்க்க வேண்டும் என்று தன் அறைக்குக் கூப்பிட்டார். ஃபைலை நீட்டிய என் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு அங்கிட்டு, நீங்க இங்கிட்டு. எதுக்கும்மா இந்த வீம்பு? ஒங்க ரினிவலு என் கையிலதான இருக்கு."

அவர் சொன்னதில் அது ஒன்று உண்மை. எங்கள் கல்லூரியில் என் போன்றவர்களின் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. செமஸ்டர் முடிகிற சமயத்தில், அப்ரைசல் என்று, நாங்கள் செய்த வேலையைக் கம்ப்யூட்டரில் நிரப்புவோம். அது துறைத் தலைவரின் லாகினுக்குப் போகும். அவர் மார்க் போட்டு, 'தொடரலாம்' என்றோ 'தேவையில்லை' என்றோ எழுதுவார். அந்த ஒரு வார்த்தைதான் என் அடுத்த வருஷத்துச் சோறு. கத்தார்க் கம்பெனியில் எந்த மாதம் யாரைத் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியாத காலம் அது. என் வேலையும் போனால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

புகார் எழுதினேன். மெசேஜ்களை அச்செடுத்து இணைத்து, கேட்டபடி ஆறு பிரதி போட்டு, உள்ளகப் புகார்க் குழுவின் தலைவியிடம் கொடுத்தேன். அவர் எங்கள் கல்லூரியின் நூலகர். அதே பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் வருகிறவர், வாய்க்குப் பூட்டுப் போட்டது போன்ற பெண்மணி. வாங்கிப் பார்த்து, "ரிசீவ்டு போட்டுத் தாரேன்" என்றார்.

மறுநாளே முதல்வர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், அதுதான் வினையே. "நீங்க பேசாம கொஞ்ச நாள் லீவு போட்டுட்டு வீட்ல இருங்கம்மா. மனசுக்கும் நல்லது" என்றார்.

"யார் லீவு சார்? என் சி.எல். கணக்குலயா?"

"ஆமா... பின்ன?"

"தப்புப் பண்ணுனது அவரு. லீவு எனக்கா?"

"சரி, லீவு வேணாம்னா எக்ஸாம் செல்லுல உக்காருங்க. அவரு கண்ணுல படாம இருக்கலாம்ல? எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்."

எக்ஸாம் செல் என்று அவர் கௌரவமாகச் சொன்னது பண்டல் ரூமை. மாடிப்படிக்கு அடியில், திருத்தி முடித்த விடைத்தாள் கட்டுகளைக் கூரை வரை அடுக்கியிருக்கும் அறை. ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது. எங்கள் கல்லூரியின் தண்ணியில்லாக் காடு அதுதான். யாருடைய ரினிவல் சந்தேகமோ அவர்களைக் கடைசி செமஸ்டரில் 'எக்ஸாம் செல்லுக்கு உதவியா இருங்க' என்று அங்கே அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் அடுத்த ஜூனில் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. இது முதல்வரைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும்.

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த கேன்டீன் அக்கா பதறிவிட்டார். "அய்யய்யோ, ஒங்களையுமா மேடம் அனுப்புறாக? என்ன தப்புப் பண்ணுனீங்க?"

என்ன தப்புப் பண்ணினேன். இந்தக் கேள்வியைத்தான் கல்லூரி முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது. அவர் ஏசி அறையில், அதே சுழல் நாற்காலியில், அதே பெயர்ப் பலகைக்கு அடியில். நான் பல்லி எச்சத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே வாரத்தில் என் இரண்டு பாடங்களை வேறு ஆளுக்கு மாற்றி டைம்டேபிளில் கையெழுத்துப் போட்டார். கேட்டவர்களிடம், "பாவம் புள்ள, யாரோ தூண்டி விட்டுருக்காங்க, எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றாராம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விசாரணை நடக்கும்போதே இடைக்காலப் பாதுகாப்பு கேட்கலாம், ஆனால் பாதிக்கப்பட்டவள் எழுதிக் கேட்டால்தான் குழு அதைப் பரிசீலிக்கும் என்று எங்கள் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பாதுகாப்பு என்ற சொல் கண்ணில் படவில்லை. கேட்கலாம் என்ற சொல்தான் பட்டது. கேட்கலாமா? கேட்கிறேன்டா, நீ தாங்க மாட்டே என்று பண்டல் ரூமிலேயே, ஒரு விடைத்தாள் கட்டின் மேல் பேப்பரை வைத்து எழுதினேன்.

அவரைச் சஸ்பெண்டு செய்ய வேண்டும். பெயர்ப் பலகையைக் கழற்ற வேண்டும். அறையைப் பூட்டிச் சாவியை வாங்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிற இதே பண்டல் ரூமில், இதே கை உடைந்த நாற்காலியில் அவரை உட்கார வைக்க வேண்டும். துறையின் பொது கெட்டிலிலிருந்து அவருக்கு டீ கொடுக்கக் கூடாது. பஸ்ஸில் அவர் கடைசி வரிசைக்குப் போக வேண்டும், அந்த முன் சீட்டை எனக்குத் தர வேண்டும்.

கெட்டில் வரைக்கும் எழுதினேன் பாருங்கள். எழுதி முடித்தபோது, வெறும் வயிற்றில் காரச்சட்னி சாப்பிட்ட மாதிரி ஒரு திருப்தி. நூலகர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதான் ஒங்க மனுவா?"

"இதேதான்."

"கையெழுத்துப் போடுங்க. அவருக்கும் ஒரு பிரதி போகும். அவரோட பதில வாங்கணும்ல."

"தாராளமாப் போகட்டும் மேடம்" என்றேன். அதை அவர் வாசிக்கும்போது முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாதே என்பது மட்டும்தான் அப்போது என் வருத்தம்.

குழு என்னைக் கூப்பிட்டது நூலகத்தின் உள்ளறையில். நூலகர், ஆசிரியர்களில் இரண்டு பேர், வெளியிலிருந்து ஒரு பெண் வக்கீல். புதுக்கோட்டைக் கோர்ட்டில் பெண்கள் வழக்குப் பார்க்கிறவர். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நாங்க ஒங்க வக்கீலும் இல்ல, அவரு வக்கீலும் இல்ல. விசாரணை இன்னும் முடியல. அதுக்குள்ள ஒருத்தரத் தண்டிக்க எங்களுக்கு அதிகாரம் கெடையாது. நீங்க கேட்டதுல நெறைய தண்டனையாத்தான் இருக்கு."

"பண்டல் ரூம்ல என்னைய வச்சிருக்கது மட்டும் தண்டனை இல்லையா?"

"அத நாங்க சொல்லல. நீங்களும் எங்ககிட்ட எழுதிக் கேக்கல. முதல்வரு வாயால சொன்னாரு, நீங்க நாற்காலியத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

வக்கீல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இது அவரோட பதில். மனுவ மாத்தணும்னா மாத்தித் தரலாம். இல்ல, இதுவே இருக்கட்டும்னாலும் சரி. இத வச்சே முடிவு பண்றோம்."

சாயங்கால பஸ்ஸில், என் சீட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். நாலு வரிசைக்கு முன்னால் சாயம் அடித்த அந்தத் தலை ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அது எழுதியதை வாசித்தேன். என்ன பணிவு, என்ன பணிவு! நீண்ட கால சேவை, மாசற்ற பெயர், எந்த நியாயமான ஏற்பாட்டுக்கும் முழு ஒத்துழைப்புத் தரத் தயார். அதற்குக் கீழே வந்தது விஷம். 'மனுதாரர் கேட்டிருப்பதில் ஒன்றுகூட அவருடைய பணிக்குத் தேவையானதாக இல்லை. அவர் என் நாற்காலியைக் கேட்கிறார், என் அறையைக் கேட்கிறார், என் இருக்கையைக் கேட்கிறார். என்னுடன் பணிபுரிவதில் அவருக்கு என்ன இடையூறு என்று ஒரு வரியும் இல்லை. புகாரின் நோக்கம் பழிவாங்குவதே என்பதற்கு இம்மனுவே சாட்சி.'

மறுபடி வாசித்தேன். அந்த ஆள் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை. பழிவாங்கத்தான் எழுதினேன். அவருக்கு எது வலிக்கும் என்று தேடித் தேடி எழுதியவள், எனக்கு எது வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணித ஆசிரியை அந்த நேரம் பார்த்து, "அப்ரைசல் மெயில் வந்துருச்சு, பாத்தீங்களா? அடுத்த வாரம் தொறக்குறாங்களாம்" என்றார். போனை எடுத்துப் பார்த்தேன். என் பெயர், என் துறை. மதிப்பிடும் அதிகாரி என்ற இடத்தில் அவர் பெயர்.

கெட்டிலைக் கேட்டிருக்கிறேன். என் வேலையை எழுதப் போகிற பேனாவை அவர் கையிலேயே விட்டிருக்கிறேன். சட்டத்தில் இடைக்காலமாகக் கேட்கக்கூடியது என்று முதல் வரிசையில் நிற்பதே அதுதான்: எதிர்த்தரப்பு அதிகாரி என் வேலையை மதிப்பிடக் கூடாது, அதை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்பது. நோட்டீஸ் போர்டிலும் இருந்தது. நான் அந்த வரியைத் தாண்டிப் போய்ப் பெயர்ப் பலகையில் நின்றிருக்கிறேன். அட மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டேன், வாய்விட்டே.

"என்னங்க?" என்றார் கணித ஆசிரியை.

"ஒங்கள இல்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரின் போன். விஷயத்தைச் சொன்னதும், "விட்டுத் தொல. சட்டத்துல மூணு மாசம் வரைக்கும் லீவு கேக்கலாம்னு போட்டுருக்குல்ல? ஒன் லீவுலயும் கழிக்க மாட்டாங்கன்னு நீதான சொன்ன. கேட்டு வாங்கிட்டு வீட்ல இரு" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. அந்த லீவு எனக்குத் தேவைப்பட்டிருந்தால் கேட்டிருப்பேன். அந்த ஆளைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறவளுக்கு அது வரம். எனக்கு நடுக்கம் இல்லை, கடுப்பு. வகுப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அப்ரைசலில் எழுத ஒன்றும் இருக்காது.

"நான் எதுக்குங்க ஒளியணும்?" என்றேன்.

"சரித்தா. என்ன செய்யப் போற?"

"நல்லவளா எழுதப் போறேன்."

கத்தாரில் அவர் சிரித்தது கேட்டது. "ஒன்னால முடியுமா?"

முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். முன் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று முதல் வரி. பிறகு, கேட்பது ஒவ்வொன்றையும் தினசரி வேலையில் எங்கே அது முட்டுகிறது என்ற விவரத்தோடு சேர்த்து வைத்தேன். அப்ரைசல் அடுத்த வாரம் திறக்கிறது. யார் மீது புகார் கொடுத்திருக்கிறேனோ அவரே மதிப்பிட்டால் அதன் முடிவை யாராலும் நம்ப முடியாது, எனவே வேறு துறைத் தலைவர் ஒருவர் மதிப்பிட வேண்டும். லீவு, டைம்டேபிள், வகுப்பு மேற்பார்வை எல்லாம் விசாரணை முடியும்வரை அந்த வேறொருவர் வழியாகவே போக வேண்டும். எடுக்கப்பட்ட இரண்டு பாடங்களும் திரும்ப வேண்டும். துறையில் என் மேசை அவருடைய கண்ணாடி அறைக்கு நேர் எதிரில் இருக்கிறது. மாடியில் கணிதத் துறை ஆசிரியர் அறையில் ஒரு மேசை காலியாக உள்ளது, அங்கிருந்து வகுப்புக்குப் போய்வர எனக்குச் சிரமமில்லை. பண்டல் ரூமுக்கு நான் எழுதிக் கேட்டுப் போகவில்லை. அங்கே அனுப்பப்படுவது எங்கள் கல்லூரியில் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதைக் குழு விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

பஸ்ஸுக்கு வந்தபோது பேனா மக்கர் செய்தது. 'முன் சீட்' என்று எழுதக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன். இருவரும் ஒரே பஸ்ஸில் வராமலிருக்க வேண்டும். அறந்தாங்கியிலிருந்து வருகிற கல்லூரி பஸ்ஸும் புதுக்கோட்டை வழியாகத்தான் போகிறது, ஆனால் முன்னதாக வந்துவிடும். என் மகளின் பள்ளி வேன் அதற்குப் பிறகுதான் வரும். எனவே அவர் அந்த பஸ்ஸில் வர ஏற்பாடு செய்ய முடிந்தால் நல்லது. முடியாதென்றால் நான் அதில் வரச் சம்மதிக்கிறேன், குழந்தையை அனுப்ப வேறு ஆள் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு மனசே இல்லை. ஆனால் அதை எழுதாமல் முந்தினதை மட்டும் கேட்டால் மறுபடியும் 'என் இருக்கையைக் கேட்கிறார்' என்று ஆரம்பிப்பாரே.

முடிவில் இரண்டு வரி. 'இவற்றை அவர் குற்றம் செய்தவர் என்று முடிவுகட்டிக் கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை இருவரும் வேலையைத் தொடர்வதற்காகவே கேட்கிறேன்.' அதற்கும் கீழே, என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய மிக இனிமையான வாக்கியம்: 'எந்த நியாயமான ஏற்பாட்டுக்கும் முழு ஒத்துழைப்புத் தருவதாக அவரே தமது பதிலில் எழுதியிருப்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.'

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். நன்றியுடன் என்ற சொல்லை எழுதிவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நூலகர் இந்த மனுவையும் அதே முகத்தோடு வாசித்தார். கடைசி வரியில் மட்டும் அவருடைய உதடு ஒரு ஓரமாக அசைந்தது. "ரிசீவ்டு போட்டுத் தாரேன்" என்றார்.

இந்த முறை துறைத் தலைவரிடமிருந்து வந்த பதிலில் சத்து இல்லை. மேசையை மாற்றுவதற்கும், வேறொருவர் மார்க் போடுவதற்கும் எந்த வாயால் மறுப்புச் சொல்வார்? மறுத்தால் மார்க் போட ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பார்கள். பஸ்ஸைப் பற்றி மட்டும் முனகியிருந்தார். குழு முதல்வருக்கு எழுத்தில் பரிந்துரை கொடுத்தது, பஸ் மாற வேண்டியது அவர்தான் என்பதையும் சேர்த்து. அப்ரைசல் திறப்பதற்குள் முதல்வர் எல்லாவற்றையும் செய்து முடித்து, செய்துவிட்டேன் என்று குழுவுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "பண்டல் ரூமுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். தெரியாதுதான். அவரை யாரும் அங்கே அனுப்பவில்லையே.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வேண்டுமென்றே கேன்டீன் வழியாகச் சுற்றிப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை. எங்கள் பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. அது கொஞ்சம் பழைய வண்டி. மீமிசல் கடற்கரைப் பக்கமிருந்து வருகிற ஒரு லேப் உதவியாளர் அதில் உண்டு. கல்லூரியில் பாதிப் பேருக்கு வாராவாரம் கருவாடு அவர்தான் கொண்டு வருவார், திங்கட்கிழமைகளில். எங்கள் துறைத் தலைவருக்கோ மீன் வாசம் என்றாலே ஆகாது. துறை விருந்தில் யார் இலையில் மீன் வைத்தாலும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறவர். அவர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஏறினார். அந்த பஸ்ஸிலும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அறந்தாங்கிக்காரர்கள் எவ்வளவு மரியாதையானவர்கள் தெரியுமா? "வாங்க சார், வாங்க சார்" என்றார்களாம் எல்லோரும். ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். இடம் இருந்தது ஒரே இடத்தில். கடைசி வரிசையில், கருவாட்டுப் பைக்குப் பக்கத்தில்.

கணித ஆசிரியை இதை அறந்தாங்கிக்காரர்களிடம் கேட்டு வந்து சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கேட்டபோது கிடைக்காதது, கேட்காதபோது கிடைத்தது. குழுவும் சொல்லவில்லை, முதல்வரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. சாமி தாமதமாகத்தான் கேட்கும், ஆனால் கருவாட்டோடு சேர்த்துக் கொடுக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாரம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் பஸ்ஸில் அந்த முன் சீட் காலியாகவே வந்தது. டிரைவர் அண்ணன்கூடச் சொன்னார்: "சும்மாதான கெடக்கு, உக்காருங்க மேடம்." நூலகர் மூன்றாவது வரிசையிலிருந்து என்னைப் பார்த்தார். விசாரணை முடியவில்லை. "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு என் பழைய சீட்டிலேயே போய் உட்கார்ந்தேன். அந்த 'வேணாம்ணே' சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என்னை மதிப்பிட வந்தவர் மெக்கானிகல் துறைத் தலைவர். யாரையும் பாராட்டி அறியாத மனிதர். அவர் கையால் நல்ல மார்க் வாங்கியவர்களைக் கல்லூரியில் தேட வேண்டும். விஷயம் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கிலிதான். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒங்க சப்ஜெக்ட் அவ்வளவா வராது. நீங்க நடத்துங்க, நான் பசங்க நோட்டப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு கூப்பிட்டு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். மார்க் நடுத்தரம். ஒரு மார்க் கூடவும் இல்லை, பரிதாபப்பட்டுப் போட்டதும் இல்லை. குறைகள் என்ற இடத்தில், 'கோபம் அதிகம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: 'தொடரலாம்.'

"கோவம்னு எழுதுனதுல ஒங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார்.

"இல்ல சார். அது உண்மைதான்."

"அப்ப சம்மதம்னு அமுக்குங்க."

அமுக்கினேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகை. அடுத்த வருஷத்துச் சோறு அந்த ஆளுடைய கையில் படாமல் வந்து சேர்ந்திருந்தது.

விசாரணை அதன்பிறகும் நடந்தது. அவர் சாட்சிகளைக் குழு கேட்டது, என் சாட்சிகளையும் கேட்டது. பழிவாங்கல் என்று மறுபடி சொல்லிப் பார்த்தார். குழு என் இரண்டாவது மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்திருக்க வேண்டும். அந்த அறையில் நான் இல்லை, ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன், நினைக்கும்போதெல்லாம் இனிக்கிறது. முடிவில் புகார் நிரூபணமானது என்றார்கள். தலைவர் பதவி போயிற்று, ஊதிய உயர்வு நின்றது, அதே டிரஸ்டின் வேறொரு கல்லூரிக்கு அனுப்பினார்கள். போதுமா என்று கேட்டால் போதாது. எனக்குத் தோன்றியதைச் செய்திருந்தால் அவர் இன்றைக்கும் பண்டல் ரூமில் பல்லியோடு இருப்பார்.

உத்தரவு வந்த மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். அந்த முன் சீட் வழக்கம்போலக் காலி. நூலகர் மூன்றாவது வரிசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அதில் உட்காரவில்லை. அந்த ஆள் உட்கார்ந்த இடத்தில் என்னத்துக்கு உட்கார வேண்டும்? தோளில் கிடந்த சோத்துப் பையைக் கழற்றி அந்த சீட்டின் நடுவில் வைத்தேன். அன்றைக்குச் சுண்டவைத்த கருவாட்டுக் குழம்பு. பிறகு பின்னால் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். கீரனூர் ரோடு வரைக்கும் அது முன்னால் உட்கார்ந்து வந்தது. அதை நகர்த்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.